‘ஆ’வைக் கண்டதும் வெட்டலாமா?

"சமஸ்கிருதச் சொல்லை நடுவில் வரும் ‘ஆ’வில் வெட்டி, இரண்டு பக்கமும் ‘அ’ போட்டால் போதும், ஆன்சர் சரி."

இல்லைங்க, இதை நம்பிப் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள். இரண்டு சொல் சேரும்போது ஒரே இன உயிர்கள் இரண்டும் கலந்து ஒரு நெடிலாவதற்குத் தீர்க்க சந்தி என்று பெயர், ஆனால் அ+அ, அ+ஆ, ஆ+அ, ஆ+ஆ நான்குமே சேர்ந்தால் ‘ஆ’தான், அதனால் ஒலியை மட்டும் வைத்து எது என்று சொல்லவே முடியாது. என் பொண்ணு ‘வித்யாலய’வை வித்ய + அலய என்று எழுதினாள். கல்விக்கு வித்யா, இடத்துக்கு ஆலய, இரண்டிலும் நெடில்தான். ஹிமாலயம் வேறு, பனி என்பது ‘ஹிம’, குறில், அதனால் ஹிம + ஆலய. வித்யார்த்தியில் திரும்பவும் மாறி வித்யா + அர்த்தி.

பிரித்த இரண்டு துண்டும் தனியாக அகராதியில் இருக்கிறதா, சேர்த்தால் பொருள் வருகிறதா என்று பாருங்கள். ராமாயணத்தைப் பிரித்தால் ராம + அயன, சேரும்போது ‘ந’ ‘ண’ ஆவது வேறொரு விதி.