மாமா, என் வீட்டு மூன்று நட்சத்திரத்துக்குக் கணக்கு இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நடந்தது குடும்பத்தில் பாதிப் பேருக்கு நேரில் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் புகைப்படம் தெரியப்படுத்திவிட்டது. என் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரைப் படம் எடுத்து, "குன்னூரில் நட்சத்திரப் பஞ்சம்" என்று எழுதிப் போட்டிருக்கிறார் அக்காவின் கணவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர். கீழே சிரிப்புப் பொம்மைகள் 43. எண்ணிப் பார்த்தேன், எண்ணுவதுதானே என் வேலை.

கோபம் இல்லை. தேயிலைத் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவளிடம் "ஐயாயிரம் ஆறாயிரத்துக்குப் பார்த்து ஆயுசுக்கும் கரண்ட் பில் கட்டப் போகிறாள்" என்று மாமா சொன்னதால், கணக்கை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

கடையில் நான் பார்த்தவை இரண்டு. இரண்டும் ஒற்றைக் கதவு, கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. முதலாவது மூன்று நட்சத்திரம், சாதாரண கம்ப்ரஸர், விலை 15,800 ரூபாய், ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 175 யூனிட். இரண்டாவது ஐந்து நட்சத்திரம், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், 21,900 ரூபாய், 110 யூனிட். வித்தியாசம் 6,100 ரூபாய். மாமா வீட்டில் இருப்பது இரண்டாவது வகை.

ஃப்ரிட்ஜின் விலை என்பது கடையில் கொடுக்கும் பணம் மட்டும் இல்லை. அதோடு பத்து ஆண்டு மின்சாரத்தையும், பத்து ஆண்டில் வரக்கூடிய பழுதையும் கூட்ட வேண்டும். இதை மாமாவும் ஒப்புக்கொள்வார். ஆனால் அவர் கூட்டியது கோயம்புத்தூரில் நின்றுகொண்டு. நான் கூட்டியது குன்னூரில்.

ஸ்டிக்கரில் இருக்கும் யூனிட், சமவெளிச் சூட்டை ஒத்த வெப்பத்தில் சோதனை அறையில் அளந்தது. ஃப்ரிட்ஜ் செய்யும் வேலை, வெளியிலிருந்து சுவர் வழியாக உள்ளே கசியும் சூட்டை மறுபடி வெளியே தள்ளுவது. உள்ளே 4 டிகிரி, வெளியே 32 என்றால் வித்தியாசம் 28. என் சமையலறையில் பெரும்பாலான நாள் 17, 18தான். வித்தியாசம் பாதியோ அதற்கும் கொஞ்சம் கீழேயோதான். போதாததற்கு, பின்பக்கக் குழாய்கள் சூட்டைக் கொட்டும் காற்றும் குளிர்ந்திருப்பதால் கம்ப்ரஸருக்கு வேலை இலகுவாகிறது. ஃப்ரீசர் பக்கத்தில் இந்தச் சலுகை கொஞ்சம் குறைவு, ஏனென்றால் அங்கே உள்ளே பூஜ்யத்துக்கும் கீழே.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு விடவில்லை. எங்கள் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனிடம், பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே மாட்டும் சிறிய யூனிட் மீட்டர் இருக்கிறது. ஜனவரியில் ஏழு நாள் மாட்டி வைத்தேன், 1.5 யூனிட். மே மாதம் மறுபடி ஏழு நாள், 1.9. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பெருக்கக் கூடாது. கம்ப்ரஸர் ஓடும், நிற்கும். ஒரு நாள் பால் பாக்கெட் நான்கு வைப்போம், இன்னொரு நாள் திறக்கவே மாட்டோம். முழு வாரம் விட்டால்தான் சராசரி நிற்கும். வாரத்துக்கு 1.7 என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 யூனிட். ஸ்டிக்கரில் சொன்ன 175-இல் பாதி. மாமாவின் வகையை இங்கே அளக்க வழியில்லை. அதற்கும் அதே பாதிச் சலுகையைக் கொடுத்து 55 என்று வைத்துக்கொண்டேன்.

ஆக, இந்த ஊரில் அந்த இரண்டு அதிகப்படி நட்சத்திரங்கள் மிச்சம் பிடிப்பது ஆண்டுக்கு 35 யூனிட்.

யூனிட்டுக்கு என்ன விலை போடுவது? பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுப்பது தவறு. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 230 யூனிட் போல வரும். முதல் 100 இலவசம், அடுத்த நூறு மலிவு, 200-ஐத் தாண்டியதற்கு 5 ரூபாயை ஒட்டி. வகுத்தால் யூனிட்டுக்கு 2 ரூபாய்கூட வராது. ஆனால் ஃப்ரிட்ஜில் மிச்சம் பிடிக்கும் யூனிட் மேல்படியிலிருந்துதான் குறையும். அதனால் 5 ரூபாய்தான் போட்டேன். இரண்டு ரூபாய் போட்டிருந்தால் எனக்கு இன்னும் சாதகம். போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு மின்சாரம் பத்து ஆண்டுக்கு 4,500 ரூபாய். மாமாவின் வகைக்கு 2,750. இந்த 1,750 ரூபாய் வித்தியாசத்துக்காகத்தான் 43 சிரிப்பு.

பழுது வருகிறது பாருங்கள், அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். "கம்ப்ரஸருக்குப் பத்து வருட உத்தரவாதம்" என்று மாமா மூன்று முறை சொன்னார். அது பொதுவாகக் கம்ப்ரஸர் என்ற அந்த ஒரு உருண்டைக்கு மட்டும். அதை ஓட்டுகிற மின்னணு போர்டுக்கு இல்லை. மெக்கானிக் வந்து போகும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு இவையும் பெரும்பாலும் அதில் சேராது. எங்கள் தெருவில் ஐப்பசி, கார்த்திகையில் இடி. மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போகும். திரும்பி வரும்போது விளக்கு ஒரு நொடி வெள்ளையாகப் பளிச்சென்று எரியும். அந்த ஒரு நொடிதான் போர்டுக்கு எமன். பக்கத்து வீட்டில் போனது, பார்த்தேன். மாற்ற 5,000 ரூபாய். பத்து ஆண்டில் போகவும் செய்யலாம், போகாமலும் இருக்கலாம் என்று பாதி, 2,500 போட்டேன். சாதாரண கம்ப்ரஸரில் போவது ரிலே, தெர்மோஸ்டாட். இரண்டுக்கும் சேர்த்து 1,500. கதவு ரப்பர் ஒரு முறை 800, கேஸ் கசிவுக்குப் பாதி வாய்ப்பு என்று 1,500, இவை இரண்டுக்கும் பொது. எனக்கு மொத்தம் 3,800, மாமாவுக்கு 4,800.

கேஸ் என்றதும் அம்மா ஞாபகம். 1994-இல் அப்பா வாங்கிய எங்கள் முதல் ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் பனி மூடி, பால் பாத்திரம் ஒட்டிக்கொண்டது. விருந்தாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காய் நறுக்கும் கத்தியின் முனையால் பனியைக் குத்தினார். உஸ் என்று ஒரு சத்தம், சைக்கிள் டியூப் மாதிரி. அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மெக்கானிக் வர இரண்டு வாரம். ஓட்டையைப் பசை வைத்து அடைத்து கேஸ் நிரப்பினார். நான்கு மாதத்தில் மறுபடி குளிர் இல்லை. கசிவைச் சரியாக அடைக்காமல் நிரப்பும் கேஸ் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான். கடைசியில் ஃப்ரீசர் பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அப்பா பல ஆண்டுகள், வீட்டில் எது உடைந்தாலும் "கத்தியை எடுத்தாயா" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தாமதம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. சரி, கணக்குக்கு வருகிறேன்.

என் வகைக்கு ஸ்டெபிலைசர் தேவை, அதற்கு 2,000 ரூபாய். "அதை மறைத்துவிட்டாயே" என்று யாராவது கிளம்புவதற்கு முன் நானே சேர்த்துவிடுகிறேன். மாமாவின் வகைக்கு வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார், நம்பிவிட்டேன். கூட்டினால் எனக்கு 15,800, 2,000, 4,500, 3,800, மொத்தம் 26,100. மாமாவின் வகை குன்னூரில் 21,900, 2,750, 4,800; மொத்தம் 29,450. நான் 3,350 ரூபாய் லாபத்தில் இருக்கிறேன்.

மின் கட்டணம் ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும். யூனிட் பத்து ரூபாய் என்று, நாளைக்கே இரட்டிப்பாக்குங்கள். எனக்கு 30,600, அந்த வகைக்கு 32,200. அப்போதும் நான்தான். இதில் இன்று கையில் மிஞ்சும் பணத்துக்கு வட்டியே போடவில்லை. நட்சத்திரத்தின் மிச்சம் மாதம் பதினைந்து ரூபாயாகச் சொட்டும். அதற்கான பணத்தை இன்றே கொடுத்துவிட வேண்டும்.

சுற்றுச்சூழல் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 35 யூனிட், தம்பி. ஒரு ஆள் இரண்டு மாதம், நாளுக்கு ஒரு வாளி வெந்நீரில் குளித்தால் போகும் மின்சாரம். ஊட்டிக்கு வரும்போது நீங்கள் பச்சைத் தண்ணீரில் குளிப்பதாகத் தெரிந்தால் பிறகு பேசுவோம்.

இரண்டு கதவு ஏன் வாங்கவில்லை என்றும் கேள்வி. இங்கே விற்பவை பெரும்பாலும் 16 டிகிரிக்கு மேல் இருக்கும் அறைக்குச் செய்தவை. ஜனவரி விடியலில் என் சமையலறை 12. தெர்மோஸ்டாட் கீழ்ப்பகுதியில் மட்டும் இருக்கும் வகைகளில், அது ஏற்கெனவே குளிர்ந்திருப்பதைப் பார்த்துக் கம்ப்ரஸரை ஓடவிடாது. மேலே ஃப்ரீசர் இளகிவிடும். ஒற்றைக் கதவில் அந்தத் தொல்லை குறைவு. இதுவும் கஞ்சத்தனக் கணக்கில் சேராது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், சொல்ல மனம் இல்லாவிட்டாலும். மாமா வீட்டில் ஏசி ஓடுகிறது. இரண்டு மாத யூனிட் 500-ஐத் தாண்டும். மேல்படி யூனிட்டுக்கு 9 ரூபாயை ஒட்டி. சூடும் ஸ்டிக்கர் சொல்லும் சூடு. அங்கே என் வகை பத்து ஆண்டுக்கு 37,350. அவர் வகை 36,600. அவர் வாங்கியது அவர் ஊருக்குச் சரி, 750 ரூபாய் அளவுக்குச் சரி. இதை அவர் என்னிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. படம் எடுத்தார்.

அக்கா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ சிரிக்கவில்லை என்பதையும் பார்த்தேன். ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. நம் வீட்டில் பெண் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தால் கஞ்சம். ஆண் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கினால் விவரம். தொழிற்சாலையில் கொதிகலனுக்கு எந்த விறகு வாங்குவது என்று என் கணக்கைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே யாரும் ஸ்டிக்கரைப் படம் எடுப்பதில்லை.

மாமா, நீங்கள் உக்கடத்தில் வாங்கிவந்த வஞ்சிரத்தில் நான்கு துண்டு மிச்சம். மூன்று நட்சத்திர ஃப்ரீசரில் கல் மாதிரி இருக்கிறது, சற்று முன் தட்டிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு வந்தால் பொரித்துத் தருகிறேன். போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டு சமையலறைக்கு வாருங்கள்.