முடி கருகும் வாடையும் சுத்தப் பட்டும்

"குஞ்சத்து நூலைக் கொளுத்தி முடி கருகும் வாடை வந்தால், முழுப் புடவையும் சுத்தப் பட்டுதானே?"

இல்லை. முந்தானைக் குஞ்சத்தில் பொதுவாகத் தொங்குவது புடவையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டுமே. குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறாக இருக்கலாம். தியாகராய நகரில் வாங்கிய ஒரு புடவையில் பாவு நூல் முடிவாடையோடு மெல்ல எரிந்து, விரலால் நசுக்கியதும் பொடியாகும் கரிய சாம்பலை விட்டது. ஆனால் வெட்டு ஓரத்தில் உருவிய ஊடை நூல் சுருங்கி உருகி, ஆறியபின் நசுங்காத கெட்டி மணியானது, அதாவது பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. காகித வாடையும் மென்சாம்பலும் வந்தால் பருத்தியோ விஸ்கோஸோ. விஸ்கோஸின் பளபளப்பும் துவளலும் கண்ணையும் கையையும் எளிதில் ஏமாற்றுபவை.

இரண்டு நூல்களையும் தனித்தனியே, இடுக்கியால் பிடித்து, உலோகத் தட்டின் மேல், அருகில் தண்ணீருடன் சோதியுங்கள். உருகும் சொட்டு தோலில் ஒட்டிச் சுடும்.