கட்டைவிரல் காணிக்கை

(மாலதி அக்கா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். தம்பி கதிர் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வருகிறான். ஊர்க் கண் பட வேண்டாம் என்பதால், கதிர் இப்போது வாங்கும் வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எண்களும் அதே கணக்கில்தான்.)

கதிர்: அக்கா! 32 பர்சென்ட் ஹைக்! புது வேலை கிடைச்சாச்சு!

அக்கா: ஆஃபர் லெட்டர் வந்துடுச்சா?

கதிர்: சாட் வந்துடுச்சு.

அக்கா: ஜாதகம் வந்ததுக்கே சீமந்தத்துக்கு நாள் பார்க்கிறியேடா. உட்காரு. முதல்லேர்ந்து படி.

கதிர்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) "ஹாய் கதிர், கிளையன்ட்டுக்கு உங்க ப்ரொஃபைல் ரொம்பப் பிடிச்சிருக்கு. பட்ஜெட் 140 வரைக்கும் இருக்கு."

அக்கா: நிறுத்து. இவங்க கம்பெனி ஆள் இல்லடா, ஏஜென்சி.

கதிர்: எப்படிக்கா சொல்றே?

அக்கா: சொந்த வீட்டை யாராவது "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னு சொல்வாங்களா? கிளையன்ட்னு எழுதினாலே நடுவுல நிக்கிற ஆள்தான். அவங்க சொல்ற எதுவும் அந்தக் கம்பெனியோட வாக்கு ஆகாது. நானும் ஆறு வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்தவதான். நீ வேலையில சேர்ந்தாத்தான் அவங்களுக்குக் காசு. அதனால பொய் சொல்றாங்கன்னு அர்த்தமில்ல, ஆனா அவசரம் அவங்களுக்கு உன்னைவிட ஜாஸ்தி.

கதிர்: சரி, ஆனா 140 வரைக்கும்...

அக்கா: அந்த "வரைக்கும்"தான் அதுல முக்கியமான வார்த்தை. கடைசி வாசல்படி எங்க இருக்குன்னு காட்டியிருக்காங்க, உள்ள கூப்பிடல. அடுத்தது?

கதிர்: "உங்களுக்கு 132 ஆஃபர் பண்றாங்க. ஃபிக்ஸ்ட் 110, வேரியபிள் 14, ஜாயினிங் போனஸ் 8." இதுல வரைக்கும் கிரைக்கும் எதுவும் இல்லையே!

அக்கா: இது நல்ல வாக்கியம். ஆனா உள்ள மூணு பேர் ஒரே சட்டையில நிக்கிறாங்க. 110 மாசாமாசம் வரும், கெட்டி. வேரியபிள் 14ங்கறது உன் ரேட்டிங்கும் கம்பெனி லாபமும் ஒத்து வந்தா வர்ற அதிகபட்சம். போன வருஷம் இந்த கிரேடுக்கு எத்தனை பர்சென்ட் குடுத்தாங்கன்னு கேளு. பாதிதான் குடுத்தாங்கன்னா அது 7.

கதிர்: ஜாயினிங் போனஸ் 8?

அக்கா: ஒரு தடவை வந்துட்டுப் போற விருந்தாளி. ரெண்டாவது வருஷம் வராது. அப்போ நம்பி வீட்டு வாடகை கட்டக்கூடிய ஹைக் எவ்வளவு?

கதிர்: (விரல் விட்டு எண்ணி) ...10 பர்சென்ட்.

அக்கா: 32-ங்கற நம்பரை யார் யார்கிட்ட சொன்னே?

கதிர்: ஃபேமிலி குரூப்ல போட்டேன். சித்தப்பா கடன் கேட்டிருக்கார்.

அக்கா: அவர்தான் சாட்டை ஒழுங்காப் படிக்காம முடிவு எடுத்த ரெண்டாவது ஆள். மேல படி.

கதிர்: "ஒரு வருஷத்துக்குள்ள ரிசைன் பண்ணினா ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கட்டணும், இது பாலிசி." அடுத்தது, "நோட்டீஸ் 90 நாளா? கிளையன்ட்டுக்கு அர்ஜென்ட். 30 நாள்ல ஜாயின் பண்ணுங்க. பைஅவுட் தொகையை ரீஇம்பர்ஸ் பண்ணப் பார்க்கலாம்."

அக்கா: "பார்க்கலாம்"னா போட்டிருக்காங்க?

கதிர்: ஆமா. பாசிட்டிவா இருக்குல்ல?

அக்கா: நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது அப்பாகிட்ட சைக்கிள் கேட்டியே, என்ன சொன்னார்?

கதிர்: பார்க்கலாம்னார்.

அக்கா: வந்துதா?

கதிர்: ...இன்னும் பார்த்துக்கிட்டிருக்கார் போல.

அக்கா: இப்போ கவனி. நீ திருப்பிக் கட்ட வேண்டிய இடத்துல "பாலிசி", அவங்க குடுக்க வேண்டிய இடத்துல "பார்க்கலாம்". பாலிசின்னு எழுதினதை அந்த ஏஜென்சி அம்மாவால அசைக்க முடியாது. பார்க்கலாம்னு எழுதினதை அந்த அம்மா இன்னும் யார்கிட்டயும் கேட்கவே இல்ல. நீ அழுத்தினாத்தான் போய்க் கேட்பாங்க. உன் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எங்க?

கதிர்: மெயில்ல எங்கயோ... (தேடுகிறான், தேடுகிறான், இன்னும் தேடுகிறான்) இந்தா. "பணியாளர் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நிறுவனம் ஒப்புக்கொண்டால், மீதி நாட்களுக்கான மொத்தச் சம்பளத்தைச் செலுத்தி முன்னதாக விலகலாம்."

அக்கா: இதுதான் பைஅவுட். ஆனா "ஒப்புக்கொண்டால்". உன்கிட்ட காசு இருந்தாலும் உன் மேனேஜர் தலையாட்டணும். அடுத்தது, "மொத்தச் சம்பளம்". சில கம்பெனியில பேசிக்கை வெச்சுக் கணக்குப் போடுவாங்க, கிட்டத்தட்ட பாதியில முடிஞ்சிடும். உனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்ல. கணக்குப் போடு.

கதிர்: வருஷத்துக்கு 100, மாசத்துக்கு 8.3. 90 நாள்ல 30 போனா மீதி 60, ரெண்டு மாசம். 16.7.

அக்கா: முதல் வருஷம் கையில வர்ற கெட்டிப் பணம் ஃபிக்ஸ்ட் 110, போனஸ் 8, ஆக 118. அதுல 16.7 கழி.

கதிர்: 101.3. (யோசிக்கிறான்) அக்கா, நான் இப்போ வாங்குறது 100.

அக்கா: ஆமா. ஒன்றரைகூட முழுசா ஏறாததுக்குக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரியறே.

கதிர்: ரீஇம்பர்ஸ் பண்ணிட்டா?

அக்கா: பண்ணினாலும், முதல்ல உன் கையிலேர்ந்து கட்டணும். சேர்ந்தப்புறம் ரசீது காட்டி வாங்கணும். அதுக்கும் உச்சவரம்பு இருக்கலாம், ஒரு வருஷத்துக்குள்ள விட்டா அதையும் திருப்பிக் கேட்கலாம். லெட்டர்ல எழுதி வராத வரைக்கும் அதைக் கணக்குல பூஜ்யம்னுதான் போடணும். சரி, இந்த 30 நாள் மெசேஜுக்கு நீ என்ன பதில் போட்டே?

கதிர்: ஒண்ணும் பெரிசா எழுதலக்கா.

அக்கா: காட்டு. (பிடுங்கிப் பார்க்கிறாள்) கட்டைவிரலா?

கதிர்: சும்மா ஒரு மரியாதைக்கு...

அக்கா: ஏகலைவனாவது குருவுக்குக் குடுத்தான். நீ ஏஜென்சிக்குக் குடுத்திருக்கே!

கதிர்: ஒரு எமோஜிக்கா இவ்வளவு?

அக்கா: கனடாவுல ஒரு விவசாயி ஆளிவிதை ஒப்பந்தத்தோட போட்டோவுக்கு இதே கட்டைவிரலைப் போட்டார். கிடைச்சுதுன்னு சொல்லத்தான் போட்டேன்னார். 2023-ல சஸ்காச்சுவான் நீதிமன்றம் அதைக் கையெழுத்துக்குச் சமம்னு சொல்லி, 82,000 டாலருக்கு மேல கட்டச் சொல்லிடுச்சு. உன் கேஸு கோர்ட்டுக்கெல்லாம் போகாது. ஆனா அந்த அம்மாவோட ஷீட்ல உன் பேருக்கு நேரா "30 நாள், ஓகே"ன்னு ஏறியிருக்கும். இனிமே எல்லாரும் அங்கேர்ந்துதான் பேச ஆரம்பிப்பாங்க.

கதிர்: இப்போ என்ன பண்றது? எமோஜியை அழிச்சிடட்டுமா?

அக்கா: அழிச்சா திருட்டு முழி முழிக்கிற மாதிரி இருக்கும். எழுது. "வணக்கம். 30 நாள் பற்றிய மெசேஜைப் பார்த்தேன் என்பதற்காகவே கட்டைவிரல் போட்டேன். என் நோட்டீஸ் 90 நாள். 30 நாளில் வர வேண்டுமானால் பைஅவுட் தொகை முழுவதும் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வர வேண்டும். இல்லையென்றால் 90 நாள் முடித்துவிட்டு வருகிறேன். ஜாயினிங் போனஸ் 8-க்குப் பதிலாக ஃபிக்ஸ்ட் 116 ஆக்க முடியுமா?"

கதிர்: 8-க்குப் பதிலா 6 கேட்கறோமே, நஷ்டமில்லையா?

அக்கா: 8 ஒரு தடவை வரும். 6 வருஷாவருஷம் வரும், அடுத்த இன்க்ரிமென்ட்டும் அது மேலதான் ஏறும். அதனாலதான் போனஸைச் சுலபமா நீட்டுவாங்க, ஃபிக்ஸ்டை ஏத்தச் சொன்னா டீம்ல மத்தவங்க சம்பளத்தோட ஒத்துப் பார்க்கணும்னு யோசிப்பாங்க. முழுசாக் குடுக்க மாட்டாங்க. நடுவுல எங்கயாவது நிக்கும்.

கதிர்: 90 நாள்னு சொன்னா வேண்டாம்னு போயிட்டா?

அக்கா: போகலாம். அது நிஜமான ரிஸ்க்தான். ஆனா நிஜமாவே 30 நாள்ல ஆள் வேணும்னா, பைஅவுட்டை எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க. இப்படிக் கேட்டாத்தான் அவசரம் எவ்வளவுன்னு தெரியும்.

(அனுப்புகிறான். ரெண்டு நீல டிக். "டைப்பிங்" என்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. கதிர் நகம் கடிக்கிறான்.)

கதிர்: வந்துடுச்சு! "ஹையரிங் மேனேஜர்கிட்ட பேசிட்டு நாலு மணிக்குச் சொல்றேன்." ஐயோ, இதுவும் பார்க்கலாம் வகைதானே?

அக்கா: இல்லடா. இதுல ஒரு ஆள் இருக்கார், ஒரு மணி இருக்கு. இது நிஜமாவே நகருது.

(நாலேகால். போன் அதிர்கிறது.)

கதிர்: "நோட்டீஸ் முழுசா முடிச்சுட்டு வாங்க, 90 நாள் ஓகே. ஃபிக்ஸ்ட் 113, வேரியபிள் அதே 14. ஜாயினிங் போனஸ் கிடையாது. இதுக்கு மேல அப்ரூவல் இல்ல, ஃபைனல்." அப்போ அர்ஜென்ட் அர்ஜென்ட்னு சொன்னதெல்லாம்?

அக்கா: கேட்டுப் பார்த்தாங்க. நீ விரலை நீட்டினே.

கதிர்: ஆனா ரெண்டு மாசம் லேட்டாத்தானே சேருவேன்? அந்த ஹைக் போச்சே.

அக்கா: பழைய ஆஃபர்ல ஏறுறதே வருஷத்துக்கு 10. ரெண்டு மாசத்துக்கு 1.7. அதைக் காப்பாத்த 16.7 கட்டப் போனியே, மகராசன்.

கதிர்: இந்த "ஃபைனல்" நிஜ ஃபைனலா?

அக்கா: "அப்ரூவல் இல்ல"ன்னு காரணத்தோட வருது, நடுவுல இறங்கியும் வந்திருக்காங்க. இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும். விடு. இன்னும் ஏதாவது?

கதிர்: "லெட்டர் நாளைக்கு வரும். இன்னைக்கே ரிசைன் பண்ணிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க."

அக்கா: பதில் போடு. லெட்டர்ல 113-உம் சேருற தேதியும் பார்த்தப்புறம்தான் ராஜினாமா. இன்னும் போடலையே?

கதிர்: போடலக்கா. டிராஃப்ட்லதான் இருக்கு.

அக்கா: நல்ல வேளை.

கதிர்: மேனேஜர் பேரு, சப்ஜெக்ட் எல்லாம் போட்டுத் தயாரா... ஆட்டோமேட்டிக்கா சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போற மாதிரி வெச்சிருக்கேன்.

அக்கா: மணி என்ன?

கதிர்: நாலு ஐம்பத்தெட்டு.

(துணி பறக்கிறது. அக்கா போனை நோக்கிப் பாய்கிறாள்.)