பழைய வணிகர்கள் திரும்ப வழியில்லாமல் தங்கினார்களா? உண்மை விளக்கம்

“பாய்மரக் கப்பல் காற்று போகும் பக்கம்தான் போகும். கடல் கடந்து குளச்சல் பக்கம் வந்த பழைய வணிகர்கள் திரும்ப வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள்!”

இப்படி ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. அரபிக்கடலில் காற்றே திசை மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும், நவம்பருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து. வணிகர்கள் இந்த இரண்டையும் கணக்கிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி இதை விவரமாகவே எழுதியிருக்கிறார். கோடை நடுவில் எகிப்திலிருந்து கிளம்பினால் செங்கடல் வாய்க்கு வர சுமார் 30 நாள், அங்கிருந்து கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துக்கு 40 நாள். அதாவது, நம் மீனவர்கள் அஞ்சும் ஆனி, ஆடிக் கொந்தளிப்பு தணிந்த பிறகே கரை சேர்வார்கள். அப்புறம் மிளகு ஏற்றிக்கொண்டு டிசம்பரில், தாமதமானாலும் ஜனவரி நடுவுக்குள், வாடைக்காற்றில் திரும்பினார்கள். ஒரே ஆண்டுக்குள் போய்வரலாம் என்கிறார் அவர்.

அவருடைய ‘இயற்கை வரலாறு’ நூலின் 6-ஆம் புத்தகத்தில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.