"ராங் நம்பர்" என்று பதில் போட்டவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

நேற்று காலையிலிருந்து அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செய்தியும், அதற்குக் கீழே வரிசையாக விழுந்த சிரிப்பு எமோஜிகளும்தான் கண்ணில் படுகின்றன. எண் மாறி வந்ததுபோல் இருந்த ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பதில் போட்டு, அதில் வளர்ந்த பேச்சை நம்பிப் போலி முதலீட்டில் 14 லட்சம் ரூபாயை இழந்தவர் அவர். "பேராசைக்குக் கிடைத்த பரிசு", "இந்த வயசுல முன்பின் தெரியாத பொண்ணுகூட என்ன பேச்சு?" என்றெல்லாம் எழுதியவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இது.

அந்த மனிதர் பேராசையில் மாட்டவில்லை. மரியாதையில் மாட்டினார்.

வந்த முதல் மெசேஜ் என்ன? "டாக்டர், சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட்டை மாத்திக்கலாமா? நாய்க்குட்டிக்கு இன்னும் வயித்துப்போக்கு நிக்கல." இதில் பணம் எங்கே இருக்கிறது? ஆசை காட்டும் சொல் ஒன்றாவது உண்டா? படிக்கிற நல்ல மனுஷனுக்கு, பாவம், டாக்டருக்குப் போகவேண்டியது நமக்கு வந்துவிட்டதே என்றுதான் தோன்றும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் பதில் போடாமல் எப்படி இருப்பார்? "தவறான எண்ணுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்" என்று போட்டார். உடனே அடுத்தது வந்தது: "அய்யோ, மன்னிக்கணும் சார். எவ்வளவு பண்பா சொல்றீங்க! சார் எந்த ஊர்?"

தூண்டில் அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. உண்மையிலேயே எண் மாறி அனுப்பியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு டாக்டரின் சரியான எண்ணைத் தேடிப் போய்விடுவார், ஏனென்றால் வீட்டில் நாய்க்கு முடியவில்லை. உங்கள் ஊரைத் தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? மன்னிப்புக்குப் பின்னால் ஒரு கேள்வி வந்தால், அது உங்களைத் தேடி வந்த மெசேஜ்தான்.

"அப்போ ராங் நம்பர்னு சொல்றதுகூட தப்பா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் போடாமல் விடுவதே நல்லது. நீங்கள் போடும் ஒரே ஒரு வரி, இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், படிக்கிறார், பதிலும் சொல்வார் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. உண்மையான அவசரம் என்றால் அவர் போன் அடிப்பார். மனசு கேட்கவில்லையா, ஒரு வரி போடுங்கள். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து மூன்று புள்ளி, More, Report என்று போய் பிளாக் செய்துவிடுங்கள். Settings, Privacy போய் Profile photo, Groups இரண்டையும் My contacts என்று மாற்றுங்கள். உங்கள் படத்தில் பேத்தி இருந்தால், அடுத்த பேச்சு பேத்தியிலிருந்துதான் தொடங்கும்.

பேச்சு வளர்ந்த பிறகு நடப்பதையும் பாருங்கள். மூன்று வாரத்துக்குப் பணம் என்ற சொல்லே வராது. காலை வணக்கம், சாப்பாட்டுப் படம், "மாத்திரை போட்டீங்களா சார்?" இவ்வளவுதான். மனைவி போன பிறகு அந்த மனிதரிடம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டவர் யாராவது உண்டா? பிறகு ஒருநாள் போகிற போக்கில், "மாமா சொல்ற நேரத்துல டிரேடிங் பண்ணுவேன்" என்று ஒரு பேச்சு வரும். அவராகவே கேட்கும்வரை காத்திருப்பார்கள். ஒரு செயலி லிங்க் வரும். முதலில் 10,000 ரூபாய். இரண்டே நாளில் லாபம் தெரியும். "சும்மா 2,000 எடுத்துப் பாருங்களேன்" என்பார்கள். அந்த 2,000 நிஜமாகவே வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். சந்தேகம் தீர்வது அந்த இடத்தில்தான். அவர்களுக்கு அது வெறும் செலவுக் கணக்கு.

அதற்குப் பிறகுதான் வைப்பு நிதியை உடைத்தார், நகையை வைத்தார். 14 லட்சம் போனது. திரையில் 41 லட்சம் என்று காட்டியது. திரையில் தெரிந்தது அவர்கள் தட்டிய எண், அதற்குப் பின்னால் பங்கும் இல்லை, கிரிப்டோவும் இல்லை. எடுக்கப் போனபோது, "முதலில் வரி 6 லட்சம் கட்டுங்கள்" என்றார்கள். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: உங்கள் பணத்தை எடுக்க, முன்கூட்டியே வெளியிலிருந்து வரி கட்டச் சொல்லும் முறை எந்த நேர்மையான நிறுவனத்திலும் இல்லை. பிடிக்கவேண்டிய வரியை இருக்கும் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கும் முன்னாலேயே தெரிகிற அடையாளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் அவர் பணம் அனுப்பிய கணக்கின் பெயர் வேறுவேறாக இருந்தது. ஒருநாள் ஒரு ஜவுளிக்கடை, இன்னொரு நாள் யாரோ ஒரு தனிநபர். வாடகைக்கு எடுத்த கணக்குகள் அவை. முதலீடு ஓரிடத்தில், பணம் போவது வேறொரு பெயருக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"வீடியோ காலில் பேசினேனே" என்பதெல்லாம் சான்றே இல்லை. அதற்கென்று ஆள் வைத்திருக்கிறார்கள், முகத்தை மாற்றும் மென்பொருளும் இருக்கிறது.

"படிச்சவங்க ஏமாறுவாங்களா?" என்று கேட்டவருக்கு: அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வங்கியின் தலைவரே இப்படித்தான் வாட்ஸ்அப் வழியாக மாட்டினார். 2023இல் வங்கியின் பணத்திலிருந்து 4.7 கோடி டாலரை எடுத்துப் போலி கிரிப்டோ முதலீட்டில் கொட்டினார். அந்த வங்கியே மூழ்கியது. 2024இல் அவருக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை. வட்டிக் கணக்கு தெரியாதவரா அவர்?

உங்கள் சிரிப்பு எனக்கு வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பணம் போனது தெரிந்ததும் முதலில் அழைக்கவேண்டியது சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930. அழைக்கும்போது பரிவர்த்தனையின் UTR எண், தேதி, தொகை, எந்த வங்கி என்ற விவரம் கையில் இருக்கட்டும். போய்ச்சேர்ந்த கணக்கில் பணம் இன்னும் கிடந்தால், அதை அங்கேயே நிறுத்திவைக்க முடியும். ஆனால் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்கு அது பிரிந்து போகச் சில மணி நேரமே போதும். அடுத்து cybercrime.gov.in தளத்தில் புகார், சொந்த வங்கிக்கும் தகவல். உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, Export chat செய்துவைத்த பிறகுதான் பிளாக். பிறகு "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம்தான்.

இந்தத் தலைமையாசிரியர் எப்போது சொன்னார் தெரியுமா? நான்காம் நாள். மூன்று நாள் மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. "ஊர் சிரிக்கும்" என்று பயந்தாராம். சிரித்தீர்கள்தானே?

"பன்றி வெட்டு" என்று பொருள்படும் சீனச் சொல்லைத்தான் இந்த மோசடிக்கு உலகமே வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவரைப் பன்றி என்பதால் அவர்கள் கூசிப்போய் புகார் சொல்லாமல் இருக்கிறார்கள், அந்தப் பெயரை விடுங்கள் என்று 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. போலீஸ் அமைப்புக்கே புரிகிறது.

மெசேஜ் தட்டிய விரலையும் நினைத்துப் பாருங்கள். வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவதியில் அடைபட்டு, அடி வாங்கிக்கொண்டு இப்படித் தட்டியவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 2022இல் மீட்கப்பட்டு சென்னையில் வந்து இறங்கினார்கள். அவர்களைப் பார்த்தும் சிரிப்பீர்களா?

உங்கள் அப்பாவின் போனில் இன்று யாராவது நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். இன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேளுங்கள், குரலை உயர்த்தாமல். அந்தப் பதிவுக்குக் கீழே போட்ட எமோஜியை அதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். அவரும் அதைப் பார்த்திருப்பார்.