காய்ச்சல் நாளில் இன்சுலினை நிறுத்தலாமா?

“முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளை காய்ச்சலில் சாப்பிடவில்லை என்றால் அன்று இன்சுலின் போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும்.”

இப்படி ஓர் அறிவுரை பகிரப்படுகிறது; தயவுசெய்து இதைப் பின்பற்ற வேண்டாம். வயிற்றுப்போக்கில் சர்க்கரை இறங்கக்கூடும் என்பது சரிதான். அப்போது மருத்துவரைக் கேட்டு இன்சுலின் அளவைக் குறைக்கலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை அறவே நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடும் இரண்டாம் வகை நோயாளிகளுக்கு விதிகள் வேறு.

காய்ச்சலில் சுரக்கும் ஹார்மோன்கள், பட்டினி கிடந்தாலும், கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுகின்றன. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை உடைக்கிறது; அதில் உருவாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. அப்போது வாந்தி வரும். இரவு ஊசியைத் தவிர்த்த பிள்ளை காலையில் வாந்தி எடுத்தால், வீட்டார் அதைக் காய்ச்சலின் வாந்தி என்று நினைத்து அடுத்த ஊசியையும் நிறுத்துகிறார்கள். ஆபத்து இங்கேதான் பெருகுகிறது.

இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையையும் கீட்டோனையும் பாருங்கள். இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நல்லது. 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். கூடுதல் இன்சுலின் தேவைப்படலாம். 3-ஐத் தொட்டால் மருத்துவமனைதான். தண்ணீர் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சர்க்கரை குறைந்தால் இனிப்பு நீர்.

வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாக வேகமாக வாங்குகிறது, வாயில் பழ வாசனை, தூக்கக் கலக்கம் என்றால், கருவி என்ன காட்டினாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.