இரண்டு கோடி யாருக்கு, நான்கு லட்சம் யாருக்கு

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பணம் அனுப்பப் பட்ட பாட்டைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழ் நேற்று நடந்த கூத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். “ஒரு ஆள் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் சார், இரண்டு கோடிக்கு மேல். அதுவும் பத்தாதுன்னா நீங்க வரி ஏய்க்கப் பார்க்கிறீங்கன்னு அர்த்தம்” என்று ஒரு நண்பர் எழுத, அதற்கு நூற்றுச்சொச்சம் விருப்பக்குறிகள். பதில் போடாமல்தான் இருந்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை லட்சம் டாலர் போதவில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அந்த உச்சவரம்பைத் தொடும் வசதி எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. என் பிரச்சினை, அந்தக் கணக்கு ஆளுக்கு இவ்வளவு, நிதியாண்டுக்கு இவ்வளவு என்று பான் எண்ணைப் பார்த்து ஓடுகிறது என்பதுதான். நம் வீடுகளில் பணம் ஆளாளுக்குப் பிரிந்து கிடப்பதில்லை. பெரும்பாலும் ஒரே ஒருவர் பெயரில் கிடக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். 2024 நவம்பரில் கனடாவில் மகளும் மாப்பிள்ளையும் வீடு வாங்கினார்கள். முன்பணத்தில் 28 லட்சம் ரூபாய் குறைந்தது. ஓய்வுபெற்றபோது வந்ததை வைப்புத்தொகையாகப் போட்டிருந்தேன். அதை உடைத்தால் 30 லட்சம் வந்தது. வங்கிக்குப் போனால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவத்தில் ‘பரிசு’ என்று நோக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அங்கிருந்த பெண் சொல்கிறார்: “சார், டிசிஎஸ் 4 லட்சத்து 20 ஆயிரம் சேர்த்து கணக்குல இருக்கணும்.”

கணக்கு இதுதான். 2023 அக்டோபரில் இருந்து, படிப்பு, மருத்துவம் தவிர்த்த காரணங்களுக்கு அனுப்பும் பணத்தில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போவதற்கு 20 சதவீதம் வங்கியே பிடித்து வருமான வரித்துறையில் கட்டிவிடும். இதுதான் டிசிஎஸ். அந்தத் தொகை அப்போது 7 லட்சம். 2025 ஏப்ரலில் இருந்து 10 லட்சம். 28இல் 7 போனால் 21. அதில் 20 சதவீதம் 4.20 லட்சம். இது அனுப்பும் பணத்திலிருந்து கழியாது, அதற்கு மேல் தனியாக வேண்டும். ஆக 32.20 லட்சம் வேண்டும், கையில் 30.

மீதிக்கு என்ன செய்தேன்? மனைவியின் நகையை அடகு வைத்தேன். 2.50 லட்சம்.

இப்போது அதே 28 லட்சத்தை இன்னொரு விதமாகப் பாருங்கள். என் பெயரில் 7, மனைவி பெயரில் 7 மார்ச்சுக்குள். ஏப்ரல் பிறந்ததும் புது நிதியாண்டு, மறுபடி ஆளுக்கு 7. நான்கு ஏழு இருபத்தெட்டு. பிடித்தம் ஒரு ரூபாய்கூட இல்லை. சட்டத்துக்கு உட்பட்டது, மறைக்க எதுவும் இல்லை. ஒரே குடும்பம், ஒரே பணம், ஒரே மகள். ஒரு வழியில் 4.20 லட்சம் முடங்குகிறது, இன்னொரு வழியில் பூஜ்ஜியம்.

அப்படியானால் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். வீட்டுப் பத்திரத்துக்கு அங்கே நாள் குறித்துவிட்டார்கள், ஏப்ரல் வரை காத்திருக்க முடியாது. சரி, மனைவி பெயரில் பாதியாவது? அவளுக்கு பான் கார்டே இல்லை. இப்படி வெளிநாட்டுக்கு எவ்வளவு சிறிய தொகை அனுப்பினாலும் பான் கட்டாயம். அவள் பெயரில் இருந்தது எரிவாயு மானியம் வரும் ஒரு சேமிப்புக் கணக்கு மட்டும். முப்பது வருஷக் குடும்பத்தில் அவள் பெயரில் ஒரு வைப்புத்தொகை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அதில் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடகுக்குப் போனது மட்டும் அவள் நகை.

“அது வரி இல்லையே, திரும்ப வந்துவிடுமே” என்று சொல்ல வருகிறவர்களுக்கு: ஆமாம், வந்தது. 2025 ஆகஸ்டில் ரிட்டர்ன் தாக்கல் செய்து, அக்டோபரில் வந்தது. பதினோரு மாதம். திரும்பி வரும் பணத்துக்கு அரசு தரும் வட்டி மாதம் அரை சதவீதம், அதுவும் ஏப்ரல் முதல் தேதியில் இருந்துதான் கணக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை என் பணம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது. அதே பதினோரு மாதத்துக்கு அடகுக்கடை என்னிடம் வாங்கியது இருபதாயிரத்துக்கு மேல். அதை எந்த ரிட்டர்னில் கேட்பது?

“நாட்டின் அந்நியச் செலாவணி வெளியே போகிறதே” என்றார் இன்னொருவர். அது எனக்கும் புரியும். 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது இந்த உச்சவரம்பை 2 லட்சம் டாலரிலிருந்து ஒரே அடியாக 75 ஆயிரமாகக் குறைத்தார்கள். பிறகு படிப்படியாக ஏற்றி 2015இல் இரண்டரை லட்சம் ஆக்கினார்கள். நெருக்கடியில் அப்படிச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் போய் அங்கே கிரெடிட் கார்டைத் தேய்த்தால் அது இந்த வரம்பில் சேராது. அதையும் சேர்ப்போம் என்று 2023 மே மாதம் சொன்னார்கள், கூச்சல் கிளம்பியது, ஜூன் முடிவதற்குள் தள்ளிவைத்துவிட்டார்கள். கார்டில் போனால் டாலர் டாலர் இல்லையா? மகளுக்குக் கொடுக்கிற அப்பாக்களுக்காகக் கூச்சல் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வரி ஏய்ப்பு என்று எழுதிய நண்பருக்கு நேராகவே சொல்கிறேன். ஏய்க்க நினைப்பவன் வங்கிக்குப் போய், பான் கொடுத்து, ஏ2 படிவம் நிரப்பி, 4.20 லட்சத்தைக் கட்டிவிட்டு வர மாட்டான். “உண்டியல்ல அனுப்பியிருக்கலாமே, எதுக்கு இவ்வளவு சிரமம்” என்று கணக்கில் வராத கள்ள வழியைக் காட்டியவர்களே உண்டு. எல்லாம் வங்கி வழியாகப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அதற்குத்தான் நேற்று இந்தப் பட்டம்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உயிரோடு இருக்கும் நான் மகளுக்கு அனுப்ப முடிந்தது வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும். நான் போன பிறகு, அவள் பெயருக்கு வரும் வீட்டை விற்று, வரியைக் கட்டி, வெளிநாடு வாழ் இந்தியர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை கொண்டு போகலாம். நான்கு மடங்கு. எனக்கு அவ்வளவு சொத்து இல்லை, அது வேறு விஷயம். ஆனால் அப்பன் கையால் கொடுப்பதைவிடச் செத்துக் கொடுப்பதற்கு வாசல் பெரிது என்று தெரிந்த அன்றைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. “அவங்களே சம்பாதிச்சு வாங்கட்டுமே” என்று சுலபமாக எழுதினீர்கள். அவர்கள் சம்பாதித்ததுதான் பெரும்பகுதி. குறைந்த இடத்தில் என் கை இருக்க வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். மகள் கேட்கவே இல்லை.

யாராவது மார்ச்சுக்குள் அனுப்பப் போகிறீர்கள் என்றால், வீட்டம்மா பெயரில் பான் இருக்கிறதா, பணம் முன்கூட்டியே அவர் கணக்குக்குப் போயிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கணவன் மனைவிக்குக் கொடுப்பதற்குப் பரிசு வரி கிடையாது, ஆனால் வங்கி அது யாருடைய பணம் என்று கேட்கும், அதற்கு நாலு வரியில் ஒரு பரிசுக் கடிதம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்டோபரில் நகையை மீட்டு வந்து கையில் கொடுத்தபோது அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏங்க, அந்த பான் கார்டுக்கு எழுதிப் போட்டாச்சா?” என்றுதான் கேட்டாள். போட்டாச்சு, வந்தும் விட்டது.

கருத்து மாறுபடுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். ‘ஏய்ப்பு’ என்ற சொல் மறுபடி வந்தால் மட்டும் நீக்கிவிடுவேன்.